எட்டாம் மாதத்தில் அம்மா மலையேறிய கதை

என் தம்பிக்கு வாய் நீளம், யோசனை குட்டை. திருவிழா நாளில் குடும்பம் மொத்தமும் மலைக்கோயிலுக்குப் படியேறிப் போகிறது என்று அவன் அறிவித்தபோது என் மருமகளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. கூட்டமில்லாத நாளில் வண்டியில் மேலே போகலாம், நெடுநேரம் நிற்கக் கூடாது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி அதைக் கொசு ஓட்டுவது போல ஓட்டிவிட்டான்.

"நம்ம அம்மா எட்டு மாசத்துல இதே படியில ஏறினாங்க. பின்னாடியே டாக்டரா வந்தாரு?"

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சாப்பாட்டுக்கு முன்னால் இந்தக் கதைதான் பரிமாறப்படும். நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. குடும்பத்துக்கு மூத்தவன், வீட்டுப் பேச்சு வெளியே போகாமல் காப்பது என் வேலை என்று இருந்துவிட்டேன். அன்றும் வாயை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

ஊரில் பாலம் கட்டுகிற என் மகனோ சித்தப்பாவின் எதிரில் மட்டும் வாயில்லாப் பூச்சி. மனைவியின் மருத்துவக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அதைத் திறந்து படித்திருந்தால் வந்திருக்க மாட்டான்.

பாதி மலையில் வரிசை நின்றது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, மேலே தகரம், நடுவே வேர்வை. ஒன்றரை மணி நேரத்தில் முப்பது படி. மருமகளின் முகம் வெளுத்திருந்தது. என் கையிலிருந்த பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வேணாம் மாமா. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். வெளிய போனா மறுபடி கீழேருந்து வரணும்னு சின்ன மாமா சொன்னாரு. காலையிலேருந்தே குடிக்கல."

தம்பி பெருமையாகத் தலையாட்டினான். இப்படி ஒரு திட்டம் போட இவனால்தான் முடியும்.

சற்று நேரத்தில் அவள் கம்பியைப் பிடித்தபடி மூச்சை நிறுத்துவதைக் கவனித்தேன். "என்னம்மா?"

"வயிறு கல்லு மாதிரி இறுகுது மாமா. விட்டு விட்டு வருது. அரை மணிக்குள்ள இது நாலாவது தடவை."

"சூட்டு வலி," என்றான் தம்பி. "இன்னும் ரெண்டு வளைவுதான். நம்ம வீட்டுப் பொம்பளைங்க பாதியில திரும்பினதா சரித்திரமே இல்ல. அம்மா எட்டு மாசத்துல..."

"அந்தச் சரித்திரத்தோட மீதியக் கேட்டுக்கோ," என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். "அம்மா ஏறினாங்க. இறங்கல. நாலு பேர் நாற்காலியில தூக்கிட்டு வந்தாங்க. ஏறும்போது பாதி வழியிலயே ரத்தம் பட்டிருக்கு, கௌரவம் போயிடும்னு யாரும் திரும்பல. குழந்தை செத்துப் பொறந்துச்சு. எனக்கு அப்ப பத்து வயசு, நான் பார்த்தேன். நீ அதுக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சுப் பொறந்தவன். குழந்தை செத்தது ஏறினதாலதானான்னு யாருக்கும் தெரியாது. ரத்தத்தப் பார்த்தும் திரும்பலங்கறது மட்டும் தெரியும்."

தம்பி கம்பியோரம் ஒதுங்கி வழிவிட்டான்.

கூட்டத்தை எதிர்த்து இறங்குவது முடியாத காரியம். நசுக்கிவிடுவார்கள். மகனை அவளுக்கு முன்னால் நிறுத்தி, அவளிடம் கைகளை முன்னால் மடக்கி வயிற்றுக்கு இடம் விட்டுக்கொள்ளச் சொன்னேன். நான் பின்னால் நின்றேன். ஓரமாகவே நகர்ந்து, அடுத்திருந்த அவசர வழிக் கம்பிக் கதவை அடைந்தோம். எழுபத்து மூன்று வயதில், யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத நான், அங்கே நின்ற கோயில் தொண்டனிடம் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவன் பூட்டைத் திறந்து, ஓரப் படி வழியாக முதலுதவிக் கூடாரத்தில் கொண்டுபோய் விட்டான்.

நர்ஸ் அவளை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார், நீர் வடிகிறதா, ரத்தம் படுகிறதா, குழந்தை அசைகிறதா என்று விசாரித்தார். சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்தார். பிறகு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த மாசத்துல ஒரு மணி நேரத்துல நாலு தடவை இறுகினாலே உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். உங்களுக்கு அரை மணியிலயே நாலு. இங்க வீட்டுக்குப் பெரியவர் யாரு?"

"நான்தான்," என்றேன்.

"நல்லாப் பார்த்துக்கிட்டீங்க, போங்க."



மலையடிவார ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே திரவம் ஏற்றினார்கள். மூன்று மணி நேரத்தில் இறுக்கம் நின்றது. கருப்பை வாய் திறக்கவில்லை, குழந்தை நன்றாக இருக்கிறது, நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மகன் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தான். இப்போதாவது.

தம்பி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சன்னிதியைப் பார்க்காமலே பின்னால் இறங்கி வந்திருக்கிறான்.

"அண்ணே," என்றான். "அந்தக் குழந்தை... பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

"பேரு?"

"யாரும் வைக்கல. நடந்ததா ஒத்துக்கிட்டாதானே பேர் வைக்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவனைத் தேற்றவில்லை.