மிஸ்ஸியம்மா வந்ததும் மாறும் பேச்சு

திருவனந்தபுரம் மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கப்பலேறி வரும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கெல்லாம் தமிழ் முன்ஷி ஞானசிகாமணிதான். அவரிடம் படித்து மொழிப் பரீட்சையில் தோற்றவர் கிடையாது. அந்தப் பெருமையையும் தலைப்பாகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் மனிதர் தெருவில் இறங்குவார்.

நர்ஸ் மிஸ் ஹார்லிக்கு மறுநாள் பரீட்சை. தேறிவிட்டால் தமிழ் பேசும் தெற்கு எல்லையில் ஒரு மருந்தகம் அவள் பொறுப்பு. டாக்டரும் கிடையாது, பேச்சை மொழிபெயர்க்கத் துபாஷியும் கிடையாது. அவள் தேறுவதில் முன்ஷிக்குச் சந்தேகமே இல்லை. பரீட்சையில் பேசிக்காட்ட ஒரு ஆளை முன்ஷியே கூட்டிவருவது வழக்கம். அவர் எப்போதும் உபதேசியார் நேசையனைத்தான் கூட்டிப்போவார். நேசையன் மனைவியிடம் வெந்நீர் கேட்டாலும் பிரசங்கம் மாதிரி இருக்கும்.

கடைசிப் பாடத்துக்காக முன்ஷி வார்டு வாசலில் காத்து நின்றார். உள்ளே தாசம்மாள் காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் கிடத்தி, பக்கத்துக் கட்டில்காரியிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

"குடுத்த மருந்தெல்லாம் கக்கிட்டு, அக்கா. இப்பம் கூப்பிட்டாலும் கண்ணு முழிக்க மாட்டேங்கு."

மிஸ் ஹார்லி அருகிலேயேதான் நின்றாள். புன்னகையோடு திரும்பி, "குழந்தை மருந்து குடித்ததா?" என்று அழகாகக் கேட்டாள்.

தாசம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். முகமே மாறிவிட்டது. "குடித்தது, அம்மா."

"நலமாயிருக்கிறதா?"

"கர்த்தர் கிருபையால் நலமாயிருக்கிறது, அம்மா."

மிஸ் ஹார்லி நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போனாள். முன்ஷி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னார். பிள்ளை பிழைத்தது.

"அவள் ஏன் என்னிடம் பொய் சொன்னாள்?" என்று கேட்டாள் மிஸ் ஹார்லி.

"பொய்யில்லை. மரியாதை. வேதக்கோயில் தமிழில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

"முதலில் பேசினாளே, அது என்ன பாஷை?"

"தமிழ்தான்," என்றார் முன்ஷி. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அதைக் கொச்சை என்று சொல்லி இத்தனை நாள் பாடத்துக்குள் விடாதவர் அவரே.

அன்று இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்தார். "வேகமாகப் பேசினால் வினைச்சொல்லின் வால்தான் தேயும், மிஸ். கக்கிவிட்டது, கக்கிட்டு. இருக்கிறார்கள், இருக்காவ. மலையாளத்துக்காரர்கள் இந்த வாலை வைத்தே தைப்பதில்லை. நாம் தைத்துவிட்டு விழுங்குகிறோம். வாலைத் தேடி ஓடாதீர்கள். போறான், போனான், போவான்: நடுவில் நிற்பதைக் கேளுங்கள். காலம் அங்கே இருக்கிறது."

"வந்தான், வந்தாள் இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்கிறதே?"

"கடைசியில் மூக்கில் ஒலித்தால் ஆண். வாய் திறந்தபடியே நின்றால் பெண்."

அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒரு மாலையில் காது பழகுமா என்ன? நேசையனோடு பேசினால் நாளை நிச்சயம் தேறுவாள். தேறினால் எல்லையில் தனியே நிற்பாள். இன்னொரு தாசம்மாள் கிருபையால் நலம் என்பாள். அப்போது வாசலில் எந்த முன்ஷி இருப்பான்?

வீட்டுக்குப் போனதும் மனைவி ரத்னாபாயிடம், "நாளைக்குப் பரீட்சைக்கு நேசையன் வராண்டாம். நீ வா," என்றார்.

"நல்லா இருக்கு! எனக்குப் பிரசங்கத் தமிழ் வராதுன்னு ஊருக்கே தெரியும்லா?"

"அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

ரத்னாபாய் பரீட்சை அறையில் உட்கார்ந்து, அன்று காலை மீன்காரியோடு நடந்த சண்டையை மூச்சுவிடாமல் சொன்னாள். பரீட்சை நடத்திய பாதிரியார் பதறி, "மெதுவாகப் பேசும் அம்மா," என்றார். "வேண்டாம்," என்று மிஸ் ஹார்லி தடுத்தாள். காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். பாதிதான் பிடிபட்டது. ஆறு மாதம் கழித்து மறுபடி பரீட்சைக்கு உட்கார வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"உமக்கு என்ன ஆயிற்று, முன்ஷி?" என்றார் பாதிரியார். மிஸ் ஹார்லி முன்ஷியைத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டாள். செய்தது சரிதான் என்று தெரிந்தும் அவரை அவமானம் சுட்டது.

மறுநாள் பாட அறையில் நாற்காலி காலி. இனி என்னிடம் படிக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே முன்ஷி வார்டின் பின்தாழ்வாரம் வரை வந்தார். அங்கே பெண்கள் துணி உலர்த்தியபடி ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிஸ் ஹார்லி கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் அங்கிருப்பதையே அவர்கள் மறந்திருந்தார்கள்.

முன்ஷி செருமினார். சட்டென்று பேச்சு நின்றது. பெண்கள் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். "ஸ்தோத்திரம், ஐயா. நலமாயிருக்கிறீர்களா?"

மிஸ் ஹார்லி திரும்பினாள். கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

"முன்ஷி, அப்புறம் வாங்க. உங்களப் பாத்ததும் நிறுத்திட்டாவ."