பூஸ்டர்

அடுத்த வீட்டு நாய்க்குட்டி பார்வோ வைரஸ் தாக்கிச் செத்த வாரத்தில்தான் மலர்க்கொடியின் குட்டி டாலரும் வாந்தி எடுத்தது. செம்மண்டலத்திலிருந்து கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவில் அவள் மடியிலேயே சுருண்டு கிடந்தது. கணவன் செம்பியன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"எப்பலேந்து வயித்தால போவுது?" என்றார் டாக்டர் பிரிசில்லா.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இன்னிக்கு கட்டிலுக்கடியில பெருக்கும்போதுதான் பார்த்தேன் டாக்டர். அதும் பழசாட்டம் இருந்துது."

"ஏன் கட்டிலுக்கடியில போவுது?"

"ஹால்ல போனா இவரு பேப்பரச் சுருட்டி அடிப்பாரு."

"பழக்கறதுக்குத்தானே..." என்று செம்பியன் இழுத்தான்.

"நல்லா பழக்கினீங்க சார். ஒளிஞ்சிகிட்டுப் போவப் பழகியிருக்கு. தின்னதும், தூங்கி எழுந்ததும் கொல்லையில விடுங்க. அங்க போனா தட்டிக்குடுங்க. அவ்ளோதான். சரி, மொத ஊசி?"

"சிதம்பரத்துல எங்கக்கா இலக்கியா ஊசி போட்டுத்தான் குட்டியக் குடுத்தாங்க" என்றாள் மலர்க்கொடி.

"பூஸ்டர்?"

"அக்கா போன்லயே சொன்னாங்க, மூணு வாரத்துல ஆரம்பிச்சுடுன்னு. காலையும் சாயந்திரமும் ரெண்டு ஸ்பூன், பால்ல கலந்து குடுக்கறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பால்லயா?"

"பூஸ்ட்டு டாக்டர். மொதல்ல சக்கரை போட்டேன், அப்புறம் போடல."

"ஐயோம்மா! பூஸ்டர்னா ரெண்டாவது தடுப்பூசி!"

செம்பியன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். மலர்க்கொடியின் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

டாக்டர் காய்ச்சல் பார்த்து, வயிற்றை அழுத்தி, தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். "காய்ச்சல் இல்ல, ரத்தமும் போவல. பாலும் பூஸ்ட்ல இருக்குற சாக்லேட்டும் ஒத்துக்காம இருக்கலாம். ஆனா ஒரே ஊசியில பாதுகாப்பு பத்தாது. பார்வோ இல்லேன்னு இப்பவே சொல்ல மாட்டேன். வாந்தி நிக்கலன்னாலோ ரத்தம் கண்டாலோ உடனே தூக்கிட்டு வாங்க. நின்னா குழைஞ்ச சோத்துல வேக வெச்ச கோழி, எலும்பில்லாம, கொஞ்சங் கொஞ்சமா. தேறினதும் பூஸ்டர். வெறிநாய்க்கடி ஊசி தனி, குட்டிக்கு மூணு மாசம் ஆனதும். எல்லா ஊசியும் முடியிறவரைக்கும் தெருவுல எறக்காதீங்க."

வீட்டுக்கு வந்தும் இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மலர்க்கொடி அடுப்பை ஏற்றுவதும் அணைப்பதுமாக இருந்தாள். செம்பியன் கட்டிலையே தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் படுத்துக் குட்டியின் மூச்சைப் பார்த்தான். டாலர் அவன் கையைக் கண்டால் பின்வாங்கியது.

"மாமா, சும்மா தொடாதீங்க. அதுவா வரட்டும்."

"வருமாடி?"

அன்று ராத்திரி வாந்தி நின்றது. மறுநாள் டாலர் கோழிச்சோற்றை இரண்டு வாய் நக்கியது. ஆனாலும் ரத்தம் வந்துவிடுமோ என்று இருவரும் அதன் வாலுக்குப் பின்னாலேயே திரிந்தார்கள்.

அதற்கடுத்த நாள் மலர்க்கொடி துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து செம்பியன் கத்தினான்.

"மலரு, ஓடியா! கெட்டியா போயிருக்குடி!"

புது சோபாவுக்கு முன்னால், நட்ட நடுவில் போயிருந்தது.

"அடிச்சீங்களா?"

"ஏண்டி அடிக்கிறேன்! போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்குக் காட்டணும், எடத்த தொடைக்காத!"

டாலர் ஓடி ஒளியவில்லை.