சிவப்பில் ஒரே ஓர் எண்

செனாய் தொழிற்பேட்டையில் உள்ள அந்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் பொது மேலாளர் மனோகரன் மாதாமாதம் காட்டும் நிதி ஸ்லைடைப் பார்த்தவர்கள் பலர். படித்தவர் ஒருவரும் இல்லை. அதில் நான்கு வரைபடங்கள், இரண்டு அட்டவணைகள், இரண்டு மூலையிலும் கம்பெனிச் சின்னம், பூதக்கண்ணாடி வைத்தாலும் பிடிபடாத அடிக்குறிப்புகள். கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனாலும் குடும்பம் இரண்டாகிவிடும் என்று பயந்து சொந்தக்காரர் அத்தனை பேரையும் அச்சடிப்பார்களே, அந்தக் கதைதான். ஒவ்வோர் இலாகாவும் சண்டை போட்டுத் தன் எண்ணை அதில் ஏற்றியிருந்தது. விற்பனைக்கு ஆரஞ்சு, உற்பத்திக்கு நீலம், மின்சாரக் கட்டணத்துக்கு ஊதா. எல்லாருக்கும் மரியாதை கிடைத்தது, பார்ப்பவருக்குத் தலைவலி கிடைத்தது.

அதைத் தயாரிக்கிற புண்ணியம் நிதிப் பிரிவின் பிரேமலாவுக்கு. எண்களைச் சரிபார்க்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஊதாவுக்கும் நீலத்துக்கும் பஞ்சாயத்துப் பண்ண ஒரு நாள் ஆகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவர் மனோகரனின் ஸ்லைடைப் பார்த்ததில்லை என்பது அவள் கட்சி. சோறு மட்டும் போதுமான அளவு இருந்தால் பூசணித் தோட்டத்தையே மறைக்கலாம்.

இந்தக் காலாண்டில் மறைக்க விஷயம் இருந்தது. விற்பனை ஏறக்குறைய அப்படியே இருக்க, லாபம் மட்டும் 1.3 மில்லியன் ரிங்கிட் சரிந்திருந்தது. போதாக்குறைக்கு முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு தன் மகள் நஜ்வாவை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். அவள் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அப்பாவைப் போல "எல்லாம் நல்லபடியா போகுதா?" என்று கேட்டுவிட்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் ரகம் அல்ல.

அந்த நேரம் பார்த்து மனோகரன் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். போனபோது மேலாளராக இருந்தவர், திரும்பியபோது ஞானியாக இருந்தார்.

"பிரேமலா, இனிமே ஒரு ஸ்லைடு, ஒரு செய்தி, ஒரே நம்பர். நம்பர் பெருசா, சிவப்பா இருக்கணும். மத்ததெல்லாம் தூக்கிப் போட்ரு."

பிரேமலாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. மூன்று வருஷமாக அவள் சொல்லிவந்ததும் அதுதான். ஆனால் அவள் சொன்னால் அது வாயாடித்தனம், ஹோட்டலில் பஃபே சாப்பாட்டோடு சொன்னால் அது பயிற்சி.

"எந்த நம்பர் சார்?"

"ஓவர்டைம். நைட் ஷிப்ட்ட நிறுத்தப் போறேன். மேடத்துக்கு அத ஒரே பார்வையில புரியவைக்கணும்."

பாய்ந்த தேன் அப்படியே உறைந்தது.

இரவு ஷிப்டில் பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் கஸ்தூரி, பிரேமலாவுக்குப் பெர்மாஸ் ஜெயாவில் பக்கத்து வீடு. பகலில் அவள் கணவரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்காகவே கேட்டு வாங்கிய இரவு வேலை அது. காலையில் தொழிற்சாலை கேட்டருகே பிரேமலா உள்ளே போகும்போது கஸ்தூரி வெளியே வருவாள், கையில் பால் சேர்க்காத தேநீரான தெ ஓ பொட்டலத்தோடு.

மறுநாள் காலையும் வந்தாள். "நைட்ட தூக்கப்போறாங்கன்னு பேசிக்கிறாங்களே பிரேமா, நெசமா? பகலுக்கு மாத்துனா நான் வேலைய விட்டுற வேண்டியதுதான். இவர யாரு பாப்பா?"

"இன்னும் முடிவாகலக்கா," என்றாள் பிரேமலா. சொல்லும்போதே அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது. அந்த முடிவுக்குச் சிவப்பு மை பூசப்போவது அவள் கைதான்.

அன்று அவள் ஸ்லைடைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே செய்தி என்றால் அது ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்கவேண்டும். இங்கே கேள்வி ஒன்றுதான்: லாபம் ஏன் குறைந்தது? அதற்குப் பதில் சொல்லாத எதற்கும் அங்கே இடமில்லை. சின்னங்கள் போயின. கட்டக்கோடுகள், முப்பரிமாண நிழல்கள், வண்ணக் குறிப்புகள், தசமத்துக்குப் பின்னால் தொங்கிய மூன்று இலக்கங்கள், எல்லாம் போயின. யாராவது கேட்டால் காட்டலாமே என்று அட்டவணைகளைப் பின்னிணைப்புக்கு நகர்த்தினாள். கடைசியில் மிஞ்சியவை மூன்று பட்டைகள். சரிந்த 1.3 மில்லியனில் விமானச் சரக்குச் செலவு கூடியது 1.1 மில்லியன். ஓவர்டைம் கூடியது நூறாயிரம். மீதி எல்லாம் சேர்ந்து இன்னொரு நூறாயிரம்.

ஓவர்டைம் பட்டையைச் சிவப்பாக்கிப் பார்த்தாள். யானைக்குப் பக்கத்தில் நிற்கிற எலிக்கு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி இருந்தது.

ஓவர்டைம் சிவப்பாக ஒன்று, விமானச் சரக்கு சிவப்பாக ஒன்று என இரண்டு வடிவங்களையும் எடுத்துக்கொண்டு மனோகரன் அறைக்குப் போனாள். அவர் மேசையில் கண்ணாடிக் கேடயம் ஒன்று எப்போதும் பளபளக்கும். 'ஆண்டின் சிறந்த செலவுச் சிக்கனம்.' போன வருஷம் ஜனவரியில், பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் ஒரு பழைய அச்சைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. "ஓடுறவரைக்கும் ஓடட்டும்" என்று மனோகரன் அதைத் தள்ளிப்போட்டார். அந்தச் சேமிப்புக்குத்தான் கேடயம். அச்சும் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடுகிறவரை ஓடியது. பிறகு நின்று நின்று ஓடியது. பாகங்கள் தாமதமாயின. கப்பலில் போகவேண்டிய பெட்டிகள் கம்பெனிச் செலவில் விமானம் ஏறின. இது பிரேமலாவுக்குத் தெரியும், கேட்பார் யாரும் இல்லை.

"ஓவர்டைம சிவப்பாக்கலாம் சார். ஆனா லாபம் 1.3 கொறஞ்சிருக்கு. இது நூறாயிரம்தான். மீதி எங்கன்னு மேடம் கேப்பாங்க."

மனோகரன் நெற்றியைச் சுருக்கினார். "இந்தப் பெரிய பட்டை என்னா?"

"ஏர் ஃப்ரெய்ட் சார்."

"யாரு டிபார்ட்மெண்ட்டு?"

"கபீர் சார் டிபார்ட்மெண்ட் கணக்குல வருது."

மனோகரன் முகத்தில் தீபாவளி வந்தது. தளவாடப் பிரிவின் கபீருக்கும் அவருக்கும் பார்க்கிங் இடத்தில் ஆரம்பித்த பகை, பத்து வருஷமாக வட்டியோடு வளர்ந்துவந்தது. "இதையே போடு. நம்பர இன்னும் பெருசாக்கு. தலைப்பும் நேரடியா இருக்கட்டும். மொதல்ல இது, நைட் ஷிப்ட்ட நான் வாயால சொல்லிக்கிறேன்."

ஏன் விமானத்தில் போனது என்று அவர் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதானே நிதிப் பிரிவின் வேலை. பிரேமலா எண்ணை இன்னும் பெரிதாக்கினாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மத்தியானம் கேண்டீனில் கபீர் எதிரே போய் உட்கார்ந்தாள். "சார், நாளைக்கு ஏர் ஃப்ரெய்ட்தான் பெருசா வருது. ஒங்களத்தான் கேப்பாங்க."

கபீர் மீ கோரெங் நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றுவதை நிறுத்தவில்லை. "ஏர்ல போட ஜி.எம். மனோகரன் கையெழுத்து வேணும்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் சார்."

"அப்பறம் என்னா. கேக்கட்டும்."

மறுநாள் கூட்டத்தில் விளக்கு மங்கியது, ஸ்லைடு வந்தது. மேலே ஒரே வாக்கியம்: 'லாபச் சரிவின் பெரும்பகுதி விமானச் சரக்குச் செலவு.' கீழே இரண்டு சாம்பல் பட்டைகள், ஒரு சிவப்புப் பட்டை, அதன் மேல் மேசையின் கடைக்கோடியிலிருந்தும் தெரியும்படி '1.1 மில்லியன் ரிங்கிட்'. அறையில் முதல்முறையாக எல்லாரும் படித்துக்கொண்டிருந்தார்கள். தன் ஊதாவைத் தேடிய மின்சாரப் பொறியாளர் மட்டும் கொஞ்சம் வாடிப்போனார்.

"ஒரு ஸ்லைடு, ஒரு செய்தி," என்று மனோகரன் நெஞ்சை நிமிர்த்தினார்.

நஜ்வா பேனாவை மூடினாள். "நல்லா புரியுது. ஏன் ஏர்ல அனுப்புனோம்?"

"அத கபீர்தான் சொல்லணும் மேடம்," என்றார் மனோகரன், பந்தி பரிமாறுகிறவரின் பணிவோடு.

"பார்ட் லேட்டா வந்துச்சு மேடம்," என்றார் கபீர். "கப்பல்ல போட்டிருந்தா கஸ்டமரோட லைன் நின்னுருக்கும். ஒவ்வொரு தடவையும் ஜி.எம். கையெழுத்து வாங்கித்தான் போட்டேன்."

நஜ்வா திரும்பினாள். "பார்ட் ஏன் லேட்டு மனோகரன்?"

பழைய ஸ்லைடாக இருந்தால் இந்நேரம் ஆரஞ்சுக்குத் தாவி, நீலத்தில் இறங்கி, அடிக்குறிப்பில் ஒளிந்து சாப்பாட்டு நேரம்வரை ஓட்டியிருப்பார். இப்போது தாவ ஒரு கிளைகூட இல்லை. எல்லாவற்றையும் வெட்டச் சொன்னவரும் அவர்தான்.

"ஒரு மோல்டு... கொஞ்சம் பழசு மேடம். ரிப்பேர தள்ளிப் போட்டோம். காஸ்ட் சேவிங்."

"எவ்வளவு சேவ் பண்ணோம்?"

அவர் பிரேமலாவைப் பார்த்தார். பிரேமலா பின்னிணைப்பைப் பார்க்காமலே சொன்னாள். "எண்பதாயிரம் மேடம்."

நஜ்வா திரையைப் பார்த்தாள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பார்க்க அங்கே வேறு எதுவும் இல்லை.

"நைட் ஷிப்ட்டும் மேடம், ஓவர்டைம் ரொம்ப..." என்று மனோகரன் கடைசியாக ஒரு கல்லை எறிந்துபார்த்தார்.

"அது எங்க இருக்கு?" நஜ்வா எழுந்துபோய்ச் சாம்பல் பட்டையைத் தேடிக் கண்டுபிடித்தாள். "இதா? லேட்டா வந்த பார்ட்ட அவங்க ராத்திரியில பேக் பண்ணலன்னா ஃப்ளைட்டையும் விட்டிருப்போம். நைட் ஷிப்ட்டு அப்படியே இருக்கட்டும். மோல்டு ரிப்பேருக்கு இன்னிக்கே ஆர்டர் போடுங்க." கதவருகே நின்று திரும்பினாள். "இனிமே எனக்கு மாசாமாசம் இந்த ஸ்லைடு போதும். இதே நம்பர், இதே சைஸ்."

தன் காசில் தானே சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. ஹோட்டலில் தங்கி, சான்றிதழ் வாங்கி, கம்பெனிக் காசில் வைத்துக்கொண்டவரைப் பிரேமலா அன்றுதான் பார்த்தாள்.

மறுநாள் காலை கேட்டில் கஸ்தூரிக்கு விஷயம் தெரிந்திருந்தது. தன் தெ ஓ பொட்டலத்தைப் பிரேமலாவின் கையில் திணித்துவிட்டு, மருத்துவமனைக்கு நேரமாகிறதென்று வேனுக்கு ஓடினாள். தேநீரில் சர்க்கரை அநியாயத்துக்கு இருந்தது, பிரேமலா முழுவதையும் குடித்தாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முந்தின நாள் மனோகரன் அவள் மேசைக்கே வந்தார். கேடயம் எங்கேயோ அலமாரிக்குள் போயிருந்தது, ஞானமும் அதோடு போயிருந்தது.

"பிரேமலா, ஆளுங்களுக்கு முழு விவரமும் தெரியணும்லா. அந்தப் பழைய சார்ட் ரெண்டு சேத்துக்கலாமா? ஊதாகூட நல்லாத்தானே இருந்துச்சு."

"மேடம் இது மட்டும் போதும்னுட்டாங்க சார்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அச்சு இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை. அந்த மாதமும் பெட்டிகள் விமானத்தில்தான் போயிருந்தன.

"சரி, அந்தக் கலரையாவது மாத்தேன். பச்சை போடலாம்ல?"

"தாராளமா போடலாம் சார்," என்றாள் பிரேமலா. "நம்பர் கொறையட்டும்."