ஒப்புதல் வராத மேசை விளக்கு

இணையக் கடை நடத்தும் அக்காவுக்குத் தம்பியோடு மல்லுக்கட்டுவதே பாதிப் பிழைப்பு. மிச்சமிருந்த ஒரே மேசை விளக்கை அவன் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

"ஆர்டர் விழுந்திருச்சே, அனுப்பிடலாம்க்கா."

"கண்ணைத் திறந்து பாருடா! 'வாடிக்கையாளர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது'ன்னு நிக்குது. கார்டுக்காரர் பேங்க் ஆப்ல 'ஆமா, நான்தான்'னு அமுக்கினாத்தான் காசு வரும். இப்ப அனுப்பினா நமக்குப் பட்டை நாமம்தான்."

"அப்ப ரத்து பண்ணு. வேற ஆள் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அதற்கும் அவள் மசியவில்லை. காத்திருக்கும் சரக்கைச் சாயங்காலம் வரை ஒதுக்கி வைப்பாள், அதற்குமேல் ரத்துதான். பணம் கட்டும் இணைப்பை வாடிக்கையாளருக்கு இன்னொரு முறை அனுப்பினாள்.

சற்று நேரத்தில் தம்பியின் கைபேசி சிணுங்கியது. அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.

"காலையிலேர்ந்து பேங்க்காரன் தொல்லை. எதையோ விக்கப் பார்க்கிறான். அது கிடக்கட்டும், ஒரு பட்டனை அமுக்க இந்த ஜனங்களுக்கு என்ன கேடு?"

போன் போட்டே கேட்டுவிடலாம் என்று ஆர்டரில் இருந்த எண்ணைப் பார்த்தாள் அக்கா. அவளுக்கு மனப்பாடமான எண், தம்பி பெண்டாட்டியுடையது.

"அந்தக் கேடுகெட்ட ஜனம் நீதான்டா. உன் கார்டுலதான் வாங்கியிருக்கா. போனை நிமிர்த்து."

நிமிர்த்தினான். திரையில் கடையின் பெயர், விளக்கின் விலை, கீழே 'ஒப்புதல்', 'மறுப்பு' என்று இரண்டு பொத்தான்கள்.

"இவ்வளவு விலையாக்கா? ரத்து பண்ணிடலாமா?"

"தாராளமா பண்ணு. ஆனா அவகிட்ட நீயே சொல்லு."

அவன் 'ஒப்புதல்' பொத்தானை அமுக்கினான்.