எழுதியதும் எழுதாததும்

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் மீது, ஆறு பெட்டி ஊசிமருந்தை எடுத்துச் சென்றதாகக் குற்றச்சாட்டு வந்தது. விசாரித்தவர் வேறு பிரிவின் கண்காணிப்பாளர்.

"அந்தம்மா பையோட போனதைப் பார்த்தேன்" என்று காவலாளி சாட்சி சொன்னார்.

"நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் கண்காணிப்பாளர்.

அவள் காவலாளியைப் பார்த்தாள். "பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களாண்ணே?"

"இல்லம்மா, அதைப் பாக்கல."

மூன்று வாரம் கழித்து அறிக்கையின் நகல் வந்தது. அவள் வாசிக்க, கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருப்பில் ஆறு பெட்டி குறைந்தது நிரூபணமாகிறது. கிடங்குச் சாவி மூன்று பேரிடம் புழங்கியுள்ளது. பையில் இருந்ததை எந்தச் சாட்சியும் பார்க்கவில்லை. இவர் எடுத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. சாவி கைமாறியதைப் பதிவேட்டில் எழுதாதது நிரூபணமாகிறது. இவரே அதை ஒப்புக்கொண்டுள்ளார்."

தண்டனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும்.

"நிரபராதின்னு ஒரு வார்த்தை போட்டா குறைஞ்சா போயிடுவாரு?" என்றார் கணவர்.

"அவருக்குத் தெரியாததை எப்படிங்க எழுதுவாரு? மத்தவங்க வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினாங்க. இவரு ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

அவள் அறிக்கையை மடித்து வைத்தாள்.

பதிவேட்டுத் தவறுக்கு நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பணியிடை நீக்கத்தில் இருந்த அவளை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டது. முதல் நாளே கண்காணிப்பாளரின் அறைக்குப் போனாள்.

"ரொம்ப நன்றி சார்."

"எனக்கெதுக்கும்மா? சொன்னதைத்தானே எழுதினேன்."

"அதுக்குத்தான் சார்" என்று கைகூப்பினாள்.