யார் வீட்டுக்கு?

சாவி பூட்டுக்குள் பாதிவரை போய் நின்றுவிட்டது. மருமகன் அதை வெளியே இழுத்துச் சட்டையில் துடைத்து மறுபடியும் நுழைத்தான். வண்டி வருவதற்குள் மாமியார் வீட்டுக் கதவைத் திறந்து கூடத்தை ஒழித்து வைக்க வேண்டும். மாமியாரின் உடலோடு மனைவி வந்துகொண்டிருந்தாள். "நீங்க பைக்ல முன்னாடி போங்க. அங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாதீங்க. நான் வந்து சொல்றேன்" என்று மருத்துவமனை வாசலில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"யார் வீட்டுக்கு?"

எதிர்வீட்டுத் தையல்காரப் பெண். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"இங்கதான்" என்றான், திரும்பாமலே.

நகரத்தில் பிறந்து வளர்ந்தவன் அவன். அங்கே முன்பின் தெரியாதவர் வணக்கம் சொன்னால், பின்னாலேயே ஏதாவது ஒன்று வரும்: நன்கொடை, விற்பனை, ஊருக்குப் போகப் பஸ் காசு. தினமும் ஆயிரம் முகங்களைத் தாண்டுகிறவன் எத்தனை பேரை எடைபோட முடியும்? பார்க்காமல் ஒதுங்குவதுதான் அங்கே மரியாதை. அன்று காலை மருத்துவமனை லிஃப்டில் அவன் அழுதபோது, கூட நின்றவர்கள் கதவையே பார்த்துக்கொண்டு அவனைத் தனியாக விட்டார்கள். அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

நகரத்துக்கு வந்து அவர்களோடு தங்கிய மாமியாருக்கு மட்டும் அந்தக் கணக்குப் பிடிபடவேயில்லை. அடுக்குமாடி லிஃப்டில் ஏறுகிறவர்களை எல்லாம் "எந்த மாடி? வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று உரக்க விசாரிப்பாள். ஒருத்தி பயந்துபோய்க் காவலாளியிடம் புகார் கொடுத்தாள். "பக்கத்துல யார் இருக்காங்கன்னே தெரியாம அவங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?" என்று மாமியார் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் பைக்கின் சாவியைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டார்.

"தெருமுனையில உங்களுக்கு வணக்கம் சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்தீங்க. நல்லதோ கெட்டதோ, வேலையா வர்றவங்க இன்னார் வீட்டுக்குன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க."

அவன் திரும்பினான். "நான் இந்த வீட்டு மருமகன்."

"ராத்திரி கார்ல வந்து விடியுறதுக்குள்ள போயிடுவாரே, அவரா?" என்றாள் தையல்காரி. "யாரும் முழுசாப் பார்த்ததில்ல."

அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். யாரும் அதை வாங்கவில்லை.

"அட்டைய யார் வேணா அடிச்சுக்கலாம்" என்றார் கடைக்காரர். "சரி, அந்தம்மாவுக்கு எந்தக் காது கேக்காது?"

"இடது காது" என்றான் சட்டென்று. "வலது பக்கம் நின்னு பேசினாத்தான் அவங்களுக்குக் கேக்கும். சத்தமாப் பேசினதும் அதனாலதான். அது தெரியாம அங்க எல்லாரும் அவங்களை…"

நிறுத்தினான். தையல்காரி அவன் முகத்தையே பார்த்தாள்.

"பேசினதும்னா?"

சைக்கிள் கடைக்காரர் பைக் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"எப்போ, மாப்ளே?"

"காலையில. வண்டி வந்துக்கிட்டிருக்கு. அவதான் வந்து சொல்லணும்னு…"

"நாங்க ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல" என்றாள் தையல்காரி. அடுத்த நொடி அவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். "பூட்டு மழையில துருப்பிடிச்சுதுன்னு மாத்திட்டோம். சாவி என்கிட்டதான் இருக்கு, இருங்க!"

அதற்குப் பிறகு எதுவும் அவன் கையில் இல்லை. கதவு திறந்தது. யார் யாரோ உள்ளே நுழைந்தார்கள். கட்டில் சுவரோரம் போனது, பாய்கள் வந்தன, ஒருவர் விளக்கு ஒயரை இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்ட இரண்டு பேர் ஓடினார்கள். பெயர் தெரியாத ஆட்கள் எல்லா அறைகளிலும் புகுந்து புறப்பட, அவன் தன்னையறியாமல் பீரோவில் சாய்ந்து நின்றான்.

தையல்காரி அதைக் கவனித்துவிட்டாள். "பீரோவுக்குக் காவல் வேண்டாம், மாப்ளே. இங்க ஒரு கரண்டி காணாமப் போனாலும், யார் வந்தாங்க யார் போனாங்கன்னு எனக்குத் தெரியும். எடுத்தவங்க நாளைக்கு இந்தத் தெருவுலதான முழிக்கணும்? நல்லவங்கன்னு இல்ல. ஒளிய எடம் கிடையாது, அவ்வளவுதான்."

அவன் வெட்கத்தோடு நகர்ந்தான். அதற்குள் பீரோவையே நாலு பேர் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். கூடம் திடீரென்று அகலமானது.

"வந்தாச்சு" என்று தெருமுனையிலிருந்து குரல் வந்தது.

வண்டி மெல்ல நுழைந்தது. மனைவி இறங்கினாள். சொல்ல வேண்டியதை எல்லாம் வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருப்பாள் போல, வாய் திறந்தது. வாசலில் விளக்கையும் நிற்கிறவர்களையும் பார்த்தாள். ஒரு சொல்லும் சொல்லாமல் தையல்காரியின் தோளில் சாய்ந்தாள்.

வண்டியின் பின்கதவு திறந்தது. தூக்க ஆள் தேவைப்பட்டது. கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன், மருமகன் அதுவரை பார்த்தேயிராதவன், விறுவிறுவென்று அவனிடம் வந்தான்.

"இவளைக் கொஞ்சம் பிடிங்க."

இடுப்பிலிருந்த குழந்தையை மருமகன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை நோக்கிப் போனான்.

குழந்தை அவனை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அவன் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துத் திருகத் தொடங்கியது.