மூடியின் வாசனை

ஆபீசர் தேர்வில் தோற்றது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீசர் என்பது நாய். கிடங்குகளில் வெடிமருந்தை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கித் தரும் ஒரு நிறுவனத்தில் நான் பயிற்சியாளன். அதை இரண்டு வருடம் பழக்கியது நான்தான் என்பதால், நாய் தோற்றது என்று சொல்வதுகூட அயோக்கியத்தனம்தான்.

தேர்வு நடத்த வந்தவர் மருந்தைச் சாக்குத்துணியில் சுற்றி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தார். ஆபீசர் அதைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போய், காவலாளியின் புத்தம்புது பிளாஸ்டிக் டப்பாவின் முன்னால் கம்பீரமாக உட்கார்ந்தது. உட்கார்ந்தால் 'இங்கே இருக்கிறது' என்று அர்த்தம். திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி.

எங்கள் தலைமைப் பயிற்சியாளரை மாஸ்டர் என்போம். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"மருந்தை எதுல வச்சுப் பழக்கின?"

"டப்பாலதான் மாஸ்டர்."

"எப்பவும் ஒரே டப்பாவா?"

"ஒரே கடை, ஒரே டப்பா."

"அப்புறம் என்ன. அது மருந்தைக் கத்துக்கல, மூடியைக் கத்துக்கிச்சு. எந்த வாசனைக்குப் பரிசாப் பந்து கிடைச்சுதோ, அதுக்கு அதான் மருந்து. நாய் மேல தப்பில்ல."

தப்பு யார் மேல் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

வீட்டில் எனக்கு இதைவிடப் பெரிய தேர்வு ஒன்று எட்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது. திருமணமாகி எட்டு மாதம். ஒரு தடவைகூட நான் தேறவில்லை. களைப்பு என்றேன், முதுகுவலி என்றேன், ஒருமுறை நாய் கடித்துவிட்டது என்றேன். என் மனைவி குடிநீர் ஆய்வகத்தில் வேலை செய்பவள். கடித்த இடத்தைக் காட்டச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடி முன்னால் அதிக நேரம் நின்றாள். வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். மாதக் கடைசியில் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். தண்ணீர் குடிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் நான் அதைப் படித்தேன்.

அந்த வார ஞாயிறு மத்தியானம், அவளுடைய லேப்டாப் பழுதாகிக் கிடந்ததால் என்னுடையதை எடுத்து ஏதோ அறிக்கை தட்டிக்கொண்டிருந்தாள். பழைய லேப்டாப். சூடேறினால் உள்ளே இருக்கும் விசிறி விமானம் கிளம்புவதுபோல் இரையும். நான் கட்டிலில் செய்தித்தாளோடு படுத்திருந்தேன். ஏதோ கேட்கத் திரும்பியவள், கேட்க வந்ததை மறந்துவிட்டாள். செய்தித்தாள் கூடாரம் போட்டிருந்தது.

அவள் முகத்தில் எட்டு மாதச் சோகம் ஒரு நொடியில் கலைந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்தாள். விசிறி நின்றது. கூடாரமும் இறங்கியது.

வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். இவள் யோசித்தாள். எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்தாள். விசிறி இரைந்தது; செய்தித்தாள் எழுந்தது. மூடினாள், விழுந்தது. மறுபடி திறந்தாள், மூடினாள். நான் அவமானத்தில் விளையாட்டுச் செய்தியை வெறித்துக்கொண்டிருந்தேன். கிரிக்கெட்டில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

"மூணு தடவை பாத்துட்டேன். தற்செயல் இல்ல," என்றாள். "உங்களுக்கு என்னைப் பிடிக்கலையா, இல்ல எனக்கு ஃபேன் இல்லைங்கறதுதான் பிரச்சினையா?"

சொல்லிவிட்டேன். பதினாலு வருடமாகத் தினமும் அந்த மாதிரி வீடியோக்கள், கடைசிச் சில வருடம் இந்த விசிறியின் இரைச்சலோடு. ஒன்று சலித்தால் அடுத்தது, அதுவும் சலித்தால் இன்னும் காரமாக ஒன்று. கல்யாணமானால் தானாக நின்றுவிடும் என்று நம்பியது. நிற்காதது.

அவள் லேப்டாப்பை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தாள். பிறகு, "என்கிட்ட என்ன குறைன்னு எட்டு மாசமாக் கண்ணாடியில தேடினேன். அது ரெண்டரைக் கிலோ எடையில மேஜை மேலயே இருந்திருக்கு," என்றாள். "முதல்ல டாக்டர். விண்ணப்பம் அங்கயே இருக்கட்டும்."

டாக்டரம்மா சர்க்கரை, ஹார்மோன் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"காலையில எழுந்திருக்கும்போது விறைப்பு இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"வீடியோ பாத்தா?"

"இருக்கு."

"மனைவியோட?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்போ ரத்த ஓட்டம், நரம்பு எல்லாம் வேலை செய்யுது. வீடியோ பாக்கற எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. உங்களுக்கு ஆகியிருக்கு. ஒரு மணி நேரத்துல முப்பது புதுமுகம் பாத்துப் பழகிட்டீங்க. உங்க கிளர்ச்சி ஒரு ஆளோட ஒட்டல. திரையோட, மாத்திக்கிட்டே இருக்கறதோட, தனியா இருக்கறதோட, உங்க கையோட அழுத்தத்தோட ஒட்டியிருக்கு. இவங்க ஒருத்தர்தான். தள்ளிட்டு அடுத்ததுக்குப் போக முடியாது. போதாததுக்கு, இன்னிக்கும் வராதோங்கற பயம் வேற. பயம் இருந்தா வராது."

"மூடியைக் கத்துக்கிச்சு," என்றேன் என்னையறியாமல்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டர். நாய்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

வீடியோ கூடாது. பழைய கைப்பழக்கமும் கூடாது. நான்கு வாரம் ஒருவரையொருவர் தொடலாம். ஆனால் உறவு கூடாது. "எதுவும் நடக்கணும்னு எதிர்பார்க்காமத் தொடுங்க. நடுவுல சில நாள் ஆசையே இல்லாத மாதிரி இருக்கலாம். வேலை செய்யுதான்னு வீடியோ போட்டு சோதிக்காதீங்க." உறவே நடக்காத வீட்டில் உறவுக்குத் தடை விதித்த ஒரே டாக்டர் அவர்தான்.

லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்து, அதை மச்சானிடம் கொடுத்தேன்.

"நல்லாத்தானே மாமா இருக்கு, ஏன் குடுக்கறீங்க?"

"ஃபேன் சத்தம் தாங்கல."

"தூசு தட்டினாப் போயிடும் மாமா."

"எனக்குப் போகாதுப்பா."

வேலையிடத்தில் ஆபீசருக்கும் புதுப் பாடம். வெற்று மூடிகளை அறை முழுக்கப் பரப்பினேன். மருந்தைக் காலுறையில், காகிதத்தில், மரப்பெட்டியில், துணியில் மாற்றி மாற்றி வைத்தேன். மூடிக்குப் பந்து இல்லை. முதல் வாரம் அது விடுவதற்குப் பதிலாக இன்னும் பிடிவாதமாக மூடி முன்னால் உட்கார்ந்தது. என்னைப் பார்த்துக் குரைத்தது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. பதினோராம் நாள் அலுவலகக் கழிப்பறையில் கைபேசியோடு பன்னிரண்டு நிமிடம் நானும் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவள் கதவில் இருந்த விண்ணப்பத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"சொல்லாம இருந்திருக்கலாமே," என்றாள்.

"சொல்லாமத்தானே எட்டு மாசம் போச்சு."

விண்ணப்பம் பையிலிருந்து வெளியே வரவில்லை; அலுவலகத்துக்கும் போகவில்லை. மறுநாள் வீடியோ ஓடாத, பொத்தான் வைத்த பழைய கைபேசி ஒன்றை அவள் எனக்குக் கொடுத்தாள். மாஸ்டர் அதைப் பார்த்து, "சம்பளம் பத்தலையா?" என்றார்.

மறுதேர்வில் ஆபீசர் சாக்குப்பை முன்னால் உட்கார்ந்தது. போகிற வழியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திரும்பிப் பார்க்கத்தான் செய்தது. நான் அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

நான்காவது வார ஞாயிறு மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருந்தோம். அவள் என் காதுமடலை நீவிக்கொண்டே தன் மேலதிகாரியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் குளோரின் அளவைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறாராம். அவள் விரலிலும் லேசாகக் குளோரின் வாடை. பேசும்போது கோபத்தில் அவள் கீழுதடு ஒரு பக்கமாகச் சுழிந்தது. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் பேச்சை நிறுத்தினாள். போர்வையைப் பார்த்தாள். எழுந்து போய் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். என் கைபேசியை எடுத்து அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். சுவரில் காது வைத்துப் பக்கத்து வீட்டில் ஏதாவது ஓடுகிறதா என்றுகூடக் கேட்டாள்.

"எதுவுமே ஓடல," என்றாள் மெதுவாக.

"எதுவும் ஓடல."

"ஒரு தடவை வந்தாத் தற்செயலா இருக்கலாம்." குரல் கறாராகத்தான் இருந்தது, கண்தான் நனைந்திருந்தது. "இன்னும் ரெண்டு தடவை பாக்கணும். டாக்டர் சொன்ன நாலு வாரம் முடிய ரெண்டு நாள் வேற இருக்கு."

பிறகு வந்து படுத்துக்கொண்டு, என் காதைப் பிடித்தபடி, மேலதிகாரியை விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் தண்ணீர் குடிக்கப் போனபோது அந்த விண்ணப்பம் மறுபடி கதவில் இருந்தது. பின்பக்கம் திருப்பி ஒட்டியிருந்தாள். சோப்பு, பல்பு, காய்கறி என்று எழுதியிருந்தது. கடைசி வரியில், 'மூன்று தடவை பார்த்தாயிற்று. செய்தித்தாள் நிறுத்தவும், இனி தேவையில்லை.'